உளுந்தஞ்சோற்றுக்கு 17 ரூபாய்

நன்றாகச் சமைக்கத் தெரிந்த பெண்ணை அந்தக் காலத்தில் மாமியார் வேலை வாங்கினார். இந்தக் காலத்தில் சாப்பாட்டுச் செயலி வாங்குகிறது. மாமியாரிடம் ஒரு நாகரிகம் இருந்தது. வேலையையும் வாங்கிக்கொண்டு, அதற்குக் கமிஷனும் பிடித்துக்கொண்டு, அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் போட்டு, “இனிமேல் நீ தொழிலதிபர்” என்று அவர் வாழ்த்தியதில்லை.

வாழ்த்துவதற்கென்றே இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஏ.சி. ஹாலில் அரை நாள் வகுப்பு, முடிவில் சான்றிதழ். ‘வீட்டிலிருந்தே மாதம் ஒரு லட்சம்’ என்று பின்னால் பேனர். மேடையில் நிற்பவர் கோட் போட்டிருப்பார். அவர் வாழ்க்கையில் பால் காய்ச்சியிருக்கிறாரா என்பதே சந்தேகம். ஆனால் அவர் கையில் மூன்று ஸ்லைடு இருக்கும். என்ன சமைப்பது, எத்தனை கிலோமீட்டர் வரை அனுப்புவது, எவ்வளவு பணம் போடுவது. மூன்றுக்கும் அவரிடம் விடை தயார். கணக்குதான் தயாராக இல்லை. அதை இங்கே போட்டுப் பார்ப்போம்.

நங்கநல்லூரில் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், சொதி, தீயல் எல்லாம் அவர் வைத்தால் மாடி வீட்டுக்காரர்கள் காரணமில்லாமல் கீழே இறங்கி வந்து நலம் விசாரிப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கிளவுட் கிச்சன் வைக்கலாமா என்று யோசிக்கிறார். உட்கார்ந்து சாப்பிட மேசை கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது, செல்போனில் மட்டும் இருக்கும் ஓட்டல். நம் கோட்டுக்காரரிடம் போய் நிற்கிறார்.

“உங்க கான்செப்ட் என்ன மேடம்?”

“உளுந்தஞ்சோறு தம்பி.”

“உளுந்தஞ்சோறை யாரும் டைப் பண்ண மாட்டாங்க மேடம். பிரியாணி போடுங்க.”

இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். செயலிகள் ஆண்டுக் கடைசியில் வெளியிடும் பட்டியலில் பிரியாணிதான் வருடம் தவறாமல் முதலிடம். ஆகவே பிரியாணி போட்டால் தேடுகிறவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். அதே பக்கத்தில் அக்காவுக்கு மேலே முந்நூறு பிரியாணிக் கடைகளும் கிடைக்கும். அதில் பாதிக் கடைகள் அடுத்தவன் போட்ட பணத்தில் பாதி விலைக்கு விற்றுக்கொண்டிருக்கும். கூட்டம் இருக்கிற சந்தைக்குப் போ என்கிறவர், அங்கே ஏற்கெனவே எத்தனை கடை என்பதைச் சொல்வதில்லை. அது இரண்டாம் நாள் வகுப்பு. அதற்குத் தனிக் கட்டணம்.

பிரியாணி வேண்டாம் என்றால் அவரிடம் அடுத்த யோசனை இருக்கிறது. ஒரே அடுப்பு, ஐந்து பெயர். ‘பாட்டி பானை’ என்று ஒன்று, ‘டிராகன் வோக்’ என்று ஒன்று, ‘கொரியன் பவுல்’ என்று ஒன்று. ஐந்திலும் சமைப்பது அதே அக்கா, கிளறுவது அதே கரண்டி. இதற்கு அவர் காட்டும் முன்னுதாரணம் ரெபெல் ஃபுட்ஸ். புனேயில் ஃபாஸோஸ் என்ற பெயரில் ரோல் விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு ஒரே சமையலறையிலிருந்து பெஹ்ரூஸ் பிரியாணி, ஓவன் ஸ்டோரி பீட்சா என்று பல பெயர்களில் விற்றது. பிரியாணிக்குப் பழங்காலப் பாரசீகப் போர்க்கதை ஒன்றையும் விளம்பரமாகச் சுற்றிவிட்டது. நல்ல சாமர்த்தியம்தான். அதன் பின்னால் வெளிநாட்டு முதலீட்டு நிதிகள் வரிசையில் நின்றன. அக்காவின் முதலீட்டாளர் அவர் கழுத்தில் கிடக்கும் நாலு பவுன் சங்கிலி. அது ஒரு சுற்று நிதிதான் தரும், அடகுக் கடையில். அடுத்த சுற்று கிடையாது.

பெயர் ஐந்தானால் சரக்கும் ஐந்தாகும் என்பதையும் கோட்டு மறந்துவிடும். மோமோவுக்கு ஃப்ரீசர் வேண்டும், ஃப்ரீசருக்கு இருபத்துநாலு மணி நேரமும் மின்சாரம் வேண்டும். நூடுல்ஸுக்கு வாங்கிய சாஸ் பாட்டில் தீயலுக்கு ஆகாது. குடைமிளகாய் மூன்றாம் நாள் சுருங்கும். ஒரு பெயருக்கு ஆர்டர் வராத நாளில் அதற்கு வாங்கிய காய் குப்பைக்குத்தான். வீட்டுச் சமையலறையில் பணம் ஒழுகும் ஓட்டை இதுதான். எந்தச் சான்றிதழிலும் அது அச்சாகாது.

என்ன சமைப்பது என்பதற்கு விடை தேடல் பட்டியலில் இல்லை. மூடிய டப்பாவில் இருக்கிறது. சமைத்ததைப் பார்சல் டப்பாவில் சூடாகப் போட்டு மூடி, 40 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு திறந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அடுப்படியில் நின்று ருசி பார்ப்பது தொழிலுக்கு உதவாது, வாங்குகிறவன் அடுப்படியில் நிற்கப்போவதில்லை. நெய் ரோஸ்ட் இந்தச் சோதனையில் பத்தாவது நிமிடமே செத்துவிடும். தன் ஆவியிலேயே நனைந்து, துவைத்துப் பிழியாத துண்டாகச் சுருண்டு கிடக்கும். இடியாப்பம் ஓரங்களில் விறைக்கும். பூரியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உளுந்தஞ்சோறு தேறும். ஆனால் வீட்டுக்கு வைக்கிற பக்குவத்தில் வைத்தால் தேறாது. கறுப்புத் தொலி உளுந்தை வறுத்து, அரிசியோடு பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் சேர்த்து வேகவைக்கிற சோறு அது. ஆற ஆற உளுந்து தண்ணீரை இழுத்து இறுகிக்கொண்டே போகும். வீட்டில் சரியாக இருக்கும் சோறு மடிப்பாக்கம் போய்ச் சேரும்போது கட்டியாக இருக்கும். அதனால் அனுப்புகிற சோற்றுக்கு ஓர் ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்குத் தண்ணீர் கூட விட்டு, இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இறக்க வேண்டும். மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். துவையல் தனி டப்பாவில். தீயல் இதைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை. வறுத்து அரைத்த தேங்காயும் புளியும் சேர்ந்த குழம்பு என்பதால் மதியம் வைத்தது இரவுக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

சொதிதான் சிக்கல். முதல் தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குகிற பண்டம். சூட்டோடு மூடிய டப்பாவில் குலுங்கிக்கொண்டே போனால் பால் திரிந்து மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாக நிற்கும். சென்னை வெயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் தேங்காய்ப் பாலை நம்பவும் முடியாது. அக்காவின் கைராசியிலேயே சிறந்தது சொதிதான். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், அல்லது நடந்து போகும் தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு முடிவை எடுக்க மனசு கேட்காது. கோட்டுக்காரருக்கோ சொதி என்றால் என்னவென்றே தெரியாது. “தாய் கறி மாதிரியா மேடம்?” என்பார்.

இனித் தூரத்துக்கு வருவோம். “ஏழு கிலோமீட்டர் ரேடியஸ் போடுங்க மேடம், சென்னையில பாதி உங்க கஸ்டமர்” என்பது இரண்டாம் ஸ்லைடு. வரைபடத்தில் வட்டம் போடக் காம்பஸ் போதும். அந்த வட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக் கண் வேண்டும்.

நங்கநல்லூரை நடுவில் வைத்து 5 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் பரப்பு 78 சதுர கிலோமீட்டர் வரும். கேட்க மலைப்பாக இருக்கும். மேற்கே என்ன இருக்கிறது? ரயில் பாதை. அதைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. சாலை. அதையும் தாண்டினால் மீனம்பாக்கம் விமான நிலையம். ஓடுபாதையில் யாரும் உளுந்தஞ்சோறு ஆர்டர் செய்வதில்லை. வடமேற்கே ராணுவ இடங்கள். கிழக்கே இன்னும் நீட்டினால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அங்கே வருகிற வெளிநாட்டுப் பறவைகள் பணம் கட்டுவதில்லை. வட்டத்தில் கணிசமான பகுதி இப்படி மனிதர் இல்லாத இடம். மிச்சத்திலும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குச் சோறு போக வேண்டும் என்றால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதை வழியாகப் போக வேண்டும். பலத்த மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். மழை பெய்தால்தான் ஊரே வீட்டில் உட்கார்ந்து ஆர்டர் போடும். இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துப் படித்தால் கிளவுட் கிச்சன் பொருளாதாரத்தில் ஒரு பாடம் முடிந்தது.

இதைவிடப் பெரிய வேடிக்கை, தூரத்தைத் தீர்மானிப்பது அக்கா இல்லை என்பது. செயலிதான் தீர்மானிக்கும். பக்கத்தில் எத்தனை டெலிவரித் தம்பிகள் இருக்கிறார்கள், மழையா வெயிலா, ஒரு மணி நெரிசலா, இதையெல்லாம் பார்த்து வட்டத்தை அது தானாகச் சுருக்கும், விரிக்கும். 5 கிலோமீட்டர் 3 ஆகச் சுருங்கினால் ‘கொஞ்சம் குறைந்தது’ என்று தோன்றும். பரப்பில் பாருங்கள். 78 சதுர கிலோமீட்டர் 28 ஆகிவிட்டது. கடையின் மூன்றில் இரண்டு பங்கு ஊர் காணாமல் போயிற்று. அக்காவுக்கு யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். இருபது பேருக்கு வைத்த சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, “இன்னிக்கு என்ன, ஆர்டரே வரலையே” என்று அவர் போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், சார்ஜ் போய்விட்டதோ என்று.

உண்மை தெரிய வழி உண்டு. வேளச்சேரியில் ஒரு தங்கை, கீழ்க்கட்டளையில் ஒரு சிநேகிதி, ஆதம்பாக்கத்தில் ஒரு மச்சான் என்று நாலு பேரைப் பிடித்து, மதியம் ஒரு மணிக்கும் இரவு எட்டரைக்கும் அவரவர் வீட்டிலிருந்து செயலியைத் திறந்து கடை தெரிகிறதா, எத்தனை நிமிடம் காட்டுகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் பார்த்தால் அக்காவின் கடை எந்த ஊரில் இருக்கிறது என்பது புரிந்துவிடும். 50 நிமிடம் என்று காட்டும் இடத்தில் கடை இருந்தும் ஒன்றுதான், இல்லாமல் இருந்தும் ஒன்றுதான். அந்த நேரத்தில் பசி வேறு கடைக்குப் போய்விடும்.

மூன்றாம் ஸ்லைடு முதலீடு. இங்கேதான் கோட்டுக்காரரின் குரல் குழையும். தனி இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும், எஸ்.எஸ். மேடை, புகை போக்கி, டீப் ஃப்ரீசர், சாப்பாட்டைப் படம் எடுக்க ஒரு போட்டோகிராபர், லோகோவுக்கு ஒரு டிசைனர். இதெல்லாம் அவருக்குத் தெரிந்தவர்களே செய்து கொடுப்பார்கள். என்ன ஓர் உதவும் மனசு. எல்லாம் சேர்த்து ஆறேழு லட்சத்தில் முடித்துவிடலாம் என்பார், ஏதோ மார்க்கெட்டுக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருகிற தோரணையில்.

வாடகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபாய்க்கு ஒரு சின்ன இடம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் முதல் நாளே 2 லட்சம் வீட்டுக்காரர் பீரோவில். ஒரு தோசைகூட விற்கவில்லை, அதற்குள் சங்கிலி போய்விட்டது. இந்தத் தொழிலில் வீட்டுச் சமையல்காரருக்கு இருந்த ஒரே வசதி சொந்த அடுப்பும் வாடகையில்லாத கூரையும்தான். முதல் ஆலோசனையே அதைப் பிடுங்கிக்கொள்வதுதான்.

வீட்டிலேயே தொடங்கினால் செலவு குறைவு. ஆனால் வகுப்பில் சொல்லாத சில செலவுகள் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் இல்லாமல் செயலிகள் சேர்க்காது. சின்ன அளவுக்கு இந்தப் பதிவு பெரிய செலவில்லை, கணினி மையத்தில் போட்டுக் கொடுக்கிறவர் கேட்கும் தொகைதான் அதைவிட அதிகம். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் வியாபாரச் சமையல் செய்யக் கூடாது, கடைக்கான 19 கிலோ சிலிண்டர் தனி இணைப்பு, தனி விலை. வீட்டு மின் இணைப்பில் வியாபாரம் நடத்தினால் கட்டண வகை மாற வேண்டும், வீட்டுக்கு உண்டான இலவச யூனிட் நினைப்பு அங்கே செல்லாது. அடுக்குமாடி என்றால் சங்கத்தின் செயலாளர் ஒருவர் இருப்பார். தாளிக்கிற வாசனை பற்றி அவருக்கு விதிமுறை உண்டு. அவர் வீட்டுக்கு ஒரு டப்பா தீயல் போகிறவரை.

இப்போது ஒரே ஒரு பார்சலின் கதையைப் பார்ப்போம். உளுந்தஞ்சோறு, துவையல், வற்றல் சேர்ந்த ஒரு செட் 150 ரூபாய்க்கு விற்கலாம் என்று அக்கா நினைக்கிறார். “180 போடுங்க மேடம், 20 பர்சென்ட் ஆஃபர் குடுங்க” என்கிறார்கள் செயலிக்காரர்கள். சரி. 180இல் 36 தள்ளுபடி போனால் 144. அந்தத் தள்ளுபடி செயலி தரும் அன்பளிப்பு என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார், தருவது அக்கா. பேக்கிங் கட்டணம் 10 சேர்த்து 154.

இதில் 25 சதவீதம் கமிஷன் என்று வைப்போம், புதிதாக வருகிற சின்னக் கடைக்கு இது அதிசயமான விகிதம் அல்ல. 38 ரூபாய் 50 காசு. கமிஷன் மேல் 18 சதவீத வரி, கிட்டத்தட்ட 7 ரூபாய். பெரிய நிறுவனங்கள் இப்படிக் கட்டிய வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். 5 சதவீத ஓட்டல் வரியில் இருக்கிற அக்காவுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டும் சேர்த்து 45 ரூபாய் போச்சு. பணப் பரிமாற்றத்துக்கு 3 ரூபாய். கடை மேலே தெரிய வேண்டுமே, அதற்கு விளம்பரம், பார்சலுக்கு 15 ரூபாய் வரும். கட்டாயம் இல்லை என்பார்கள். கட்டாதவர் கடை நாற்பதாவது இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். மிச்சம் 91.

அரிசி, உளுந்து, எள், தேங்காய், எண்ணெய் எல்லாம் 52. டப்பா, பை, ஒட்டுத்தாள் 14. காஸ், கரண்ட் 8. ஆக 74. அக்காவுக்கு நிற்பது 17 ரூபாய். வாங்கியவர் வரி, டெலிவரி, செயலிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பார். அந்தச் செயலிக் கட்டணம் 2023இல் 2 ரூபாயாகத்தான் உள்ளே நுழைந்தது. ஒன்றிரண்டு ஆண்டிலேயே பத்தைத் தொட்டுவிட்டது. அக்காவின் தோட்டத்துக் கறிவேப்பிலைகூட அவ்வளவு வேகத்தில் வளர்ந்ததில்லை.

நாளைக்கு இருபது பார்சல் என்றால் 340 ரூபாய். காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வருகிற பெண்ணுக்கு அரை நாளைக்கு 300 கொடுத்தால், மிச்சம் 40. காலை ஐந்து மணிக்கு எழுந்து, மதியம் மூன்று மணி வரை நின்ற காலுக்கு 40 ரூபாய். அன்றைக்கு ஒரு டப்பா கவிழ்ந்து, வாங்கியவர் படம் எடுத்துப் போட்டு, அந்தப் பணம் அக்காவின் கணக்கிலிருந்து திரும்பிப் போனால் 40 ரூபாயும் கிடையாது. கவிழ்த்தது பள்ளமான சாலையா, ஓட்டி வந்த தம்பியா, மூடியா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். அந்தத் தம்பியையும் திட்ட முடியாது. அவருக்கு இதே மாதிரி இன்னொரு கணக்கு இருக்கிறது, அதிலும் பெட்ரோல் அவருடையது. அப்படிச் சங்கிலியை அடகு வைத்துத் தனி இடம் எடுத்திருந்தால், வாடகைக்கு மட்டும் மாதம் 1,177 பார்சல் விற்க வேண்டும். நாளைக்கு நாற்பது. அதுவும் உதவிக்கு ஆள் வைக்காமல், விடுமுறை இல்லாமல், காய்ச்சல் வராமல்.

இதைக் கோட்டுக்காரரிடம் காட்டினால் சிரிப்பார். “வால்யூம் வந்தா சரியாயிடும் மேடம்.” வால்யூம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் ஊர் பார்த்துவிட்டது. 2019இல் ஸ்விக்கி வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஸ்விக்கி டெய்லி தொடங்கியது, அது நிலைக்கவில்லை. 2023இல் சொமேட்டோ 89 ரூபாயிலிருந்து வீட்டுச் சாப்பாடு என்று சொமேட்டோ எவ்ரிடே தொடங்கியது. 2025 மே மாதம் அதையும் மூடினார்கள், லாபத்துக்கு வழி தெரியவில்லை என்று பங்குதாரர்களிடம் சொல்லிவிட்டு. ஆயிரக்கணக்கான கோடி கையிருப்பும், சொந்தச் செயலியும், ஊரெல்லாம் வண்டி ஓட்டுகிற பையன்களும் இருந்த நிறுவனத்துக்குத் தெரியாத வழி, 999 ரூபாய் வகுப்பில் அக்காவுக்குத் தெரிந்துவிடுமாம்.

அக்கா புத்திசாலி. வீட்டுக்கு வந்து ஸ்லைடுகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தூரம். ஒன்றரைக் கிலோமீட்டர், சுமார் 7 சதுர கிலோமீட்டர். ரயில் பாதையின் இந்தப் பக்கம் மட்டும். அதில் எத்தனை அடுக்குமாடி, எத்தனை வீட்டில் வயதான தம்பதிகள் தனியாக இருக்கிறார்கள், எந்த அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குத் திண்டாடுகிறார்கள் என்று அவருக்கே தெரியும். இரவு ஒன்பது மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். எத்தனை பேரோ அத்தனை ஆழாக்கு அரிசிதான் காலையில் ஊறும். சோறு மிஞ்சுவது நின்றுபோகும். எவர்சில்வர் டிபன் கேரியரில் போய், மறுநாள் காலி கேரியர் திரும்பி வரும். நடக்கிற தூரம் என்பதால் சொதிகூட வாரம் ஒருநாள் பட்டியலுக்குத் திரும்பலாம். விலை 120.

சாமான் 52, காஸ் 8, கேரியர் கழுவவும் தேய்மானத்துக்கும் 5, கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுக்கு ஒரு கேரியருக்கு 20. மிச்சம் 35. இருபது பேர் என்றால் 700, உதவிக்கு வருகிற பெண்ணுக்குப் போக 400. தொடக்கச் செலவு கேரியர்களும் இரண்டு பெரிய பாத்திரமும் 19 கிலோ சிலிண்டர் இணைப்பும்தான். சங்கிலி கழுத்திலேயே இருக்கும்.

இதுவும் சொர்க்கம் இல்லை. நாற்பது பேருக்கு மேல் ஒருத்தியால் முடியாது. பள்ளி விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். கேரியர் ஒன்று காணாமல் போகும், அது எந்த வீட்டில் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தும் கேட்க முடியாது. மாதக் கடைசியில் பணம் தராமல் “அடுத்த மாசம் சேர்த்துத் தரேன் அக்கா” என்று சொல்கிறவர் கண்டிப்பாக இரண்டு கார் வைத்திருப்பார். மாதம் ஒரு லட்சம் வராது. பத்தாயிரம் வரும். பேனரில் அச்சடிக்க லாயக்கில்லாத எண். அதனால்தான் இதற்கு வகுப்பு எடுக்க ஆள் இல்லை.

“எல்லாரும் செயலிக்குப் போய்ட்டாங்க, நீங்க மட்டும் கேரியரா?” என்று கேட்பார்கள். செயலியில் சேரட்டும், தப்பில்லை. நாற்பது நிமிடச் சோதனையில் தேறிய இரண்டே பண்டத்தை, தள்ளுபடி இல்லாமல், விளம்பரம் இல்லாமல், கமிஷனையும் சேர்த்து விலை வைத்துப் போடட்டும். வந்தால் வரட்டும். அதை நம்பி அரிசி ஊறவைக்காமல் இருந்தால் போதும்.

ஏனென்றால் அந்தச் சந்தையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் வெறும் தரகர் இல்லை. ஓட்டல்காரர்களின் தேசிய சங்கம் 2021இல் புகார் கொடுத்தது. 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டின் மேலும் விசாரணைக்கு உத்தரவிட்டது. சில ஓட்டல்களோடு அவர்கள் போட்ட ஒப்பந்தங்கள் போட்டிச் சட்டத்தை மீறின என்று விசாரணை அறிக்கை சொன்னதாக 2024இல் செய்தி வந்தது. அந்தச் செய்தியின் மை காய்வதற்குள், 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் சொமேட்டோ குழுமத்தின் பிளிங்கிட் ‘பிஸ்ட்ரோ’ என்றும், ஸ்விக்கி ‘ஸ்னாக்’ என்றும் பத்து, பதினைந்து நிமிடத்தில் சாப்பாடு தரும் தங்கள் சொந்தச் செயலிகளைத் திறந்தன. கடைக்கு இடம் கொடுத்தவரே கடையும் வைக்கிறார் என்று அதே சங்கம் மறுபடி கத்தியது.

எந்தத் தெருவில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு விலை வரை மனிதர் உளுந்தஞ்சோறு வாங்குகிறார்கள் என்ற விவரம் ஒவ்வொரு பார்சலோடும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. யார் வாங்கினார், அவர் போன் எண் என்ன என்பதைக்கூடப் பெரும்பாலும் அக்காவுக்குக் காட்ட மாட்டார்கள். ஆகவே நங்கநல்லூரில் உளுந்தஞ்சோறு என்றைக்காவது நன்றாக ஓடத் தொடங்கினால், அது அக்காவுக்கு முன்னால் வேறு ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவர் அதற்குப் பாண்டிய மன்னன் கதை ஒன்றையும் எழுதி வைத்திருப்பார்.